வரலாற்றுத் தேர்வைக் கடினமாக்கியதற்குப் பெற்றோருக்கு எழுதும் கடிதம்

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன், இது மூன்றாம் ஆண்டு. உயர்நிலை 2க்கு இந்தத் தவணை அலகுத் தேர்வைக் கடினமாக்கினேன். மதிப்பெண் நன்றாகவே குறைந்துவிட்டது. ஏன் கடினமாக்கினோம் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதச் சொல்கிறார் துறைத்தலைவர். நான் எழுதியதைப் படித்த என் அம்மாவுக்கே ஒன்றும் புரியவில்லை. என்னதான் எழுத வேண்டும்?

உங்கள் அம்மாவுக்குப் புரியவில்லை என்பது நல்ல சோதனை. அதிலிருந்தே தொடங்கலாம். உங்கள் கடிதத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அதில் 'உயர்நிலைச் சிந்தனை', 'ஆய்வுத் திறன்', 'எதிர்காலத்துக்குத் தயார்படுத்துதல்' போன்ற சொற்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் எழுதிய முதல் கடிதத்தில் இவை எல்லாமே இருந்தன. 26 ஆண்டுகள் வரலாறு கற்பித்தேன், அதில் ஒன்பது ஆண்டுகள் பாடப்பிரிவைக் கவனித்துக்கொண்டேன். இப்படிப்பட்ட கடிதத்தை மூன்று முறை எழுதியிருக்கிறேன். முதல் கடிதம் போன மறுநாளே ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை, நிதானமாகத்தான் கேட்டார்: "சார், அதெல்லாம் சரி. பரீட்சையில என்ன கேட்டீங்க? அதுக்கு என் பையன் என்ன எழுதினான்? என்ன எழுதியிருக்கணும்?" ஒரு பக்கக் கடிதத்தில் இந்த மூன்றுக்குமே பதில் இல்லை. இன்றைக்கும் என்னைக் கேட்டால், கடிதத்தில் இருக்க வேண்டியவை அந்த மூன்றுதான் என்பேன். மற்றவை இரண்டு மூன்று வரிகளில் அடங்கிவிடும்.

ஆனால் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தேர்வு எந்த விதத்தில் கடினமானது என்று விடைத்தாள்களை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு வரலாற்றுத் தாள் பல வழிகளில் கடினமாகும். பிள்ளைகள் இன்னும் ஆழமாக யோசிக்க வேண்டியிருந்ததால் கடினமாகலாம். நேரம் போதாமல் கடினமாகலாம். தாளில் படிக்கக் கொடுத்த வரலாற்று மூலத்தின் ஆங்கிலம் அவர்களுக்கு எட்டாமல் போனதாலும் கடினமாகலாம். மதிப்பெண் பட்டியலில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும், சராசரி இறங்கியிருக்கும். தாளைப் புரட்டினால்தான் வித்தியாசம் தெரியும். கடைசிக் கேள்வி பலருக்கு வெறுமையாக இருந்தாலோ, கையெழுத்து சிதறிப் பாதி வாக்கியத்தில் நின்றாலோ, குறை நேரத்தில் இருக்கிறது. மூலத்திலிருக்கும் ஒரு சொல்லைப் பலரும் ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால், குறை மொழியில் இருக்கிறது. எல்லாரும் பக்கம் நிறைய எழுதியிருக்கிறார்கள், கேட்டதற்குப் பதில்போலவும் தெரிகிறது, ஆனால் மூலத்தில் உள்ளதையே வேறு சொற்களில் திருப்பி எழுதியிருக்கிறார்கள் என்றால், அப்போதுதான் நீங்கள் சோதிக்க நினைத்த இடத்தில் தாள் கடினமாக இருந்திருக்கிறது. 'யோசிக்க வைப்பதற்காகக் கடினமாக்கினோம்' என்று எழுதும் உரிமை அந்தப் பகுதிக்கு மட்டுமே உண்டு.

எங்களுக்கு நடந்ததையே சொல்கிறேன். உயர்நிலை 2, 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்த அலகு. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எங்கள் தேர்வு 20 மதிப்பெண்ணுக்கு நடக்கும். அதில் 14 மதிப்பெண், 'சிங்கப்பூர் வீழ்ந்ததற்கான காரணங்களை விளக்குக' என்பதுபோன்ற கேள்விகளுக்கு. மீதி 6 மதிப்பெண்ணுக்கு ஒரு படமோ சிறு பத்தியோ கொடுத்து, அதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்போம். பிள்ளைகள் காரணங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று மனப்பாடம் செய்து வருவார்கள். விமானப்படை பலவீனம், தலைமையின் தவறுகள், ஜப்பானியரின் வேகம், அப்புறம் தவறாமல் ஒன்று: பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றன, அவற்றைத் திருப்ப முடியவில்லை.

அந்தக் கடைசிக் காரணத்தில்தான் நான் விழித்துக்கொண்டேன். அது உண்மையல்ல. கடலோரப் பெரும் பீரங்கிகள் கப்பல்களை எதிர்கொள்ளத்தான் வைக்கப்பட்டன என்பது சரி. ஆனால் சாங்கியிலிருந்த 15 அங்குலப் பீரங்கிகள் உட்பட அவற்றில் பல நிலப்பக்கம் திரும்பக்கூடியவை. திருப்பிச் சுடவும் செய்தார்கள். சிக்கல் குண்டுகளில் இருந்தது. கையிருப்பில் பெரும்பாலானவை கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைப்பதற்கான குண்டுகள். அவை மண்ணில் விழுந்தால் ஆழமாகப் புதைந்துதான் வெடிக்கும், பரவி வரும் காலாட்படைக்கு அதனால் பெரிய சேதம் இராது. ஆண்டுதோறும் பிள்ளைகள் 'திருப்ப முடியவில்லை' என்று எழுதினார்கள், நாங்களும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு தவறான செய்தியை அழகாக ஒப்பித்த பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. 'இது நிஜம்தானா, எப்படித் தெரியும்?' என்று ஒருவேளை யோசித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்தத் தாளில் அதைக் காட்ட ஓர் இடமே இல்லை. தேர்வை மாற்ற வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்ததற்கு இதுதான் காரணம். பின்னால் பெற்றோருக்கும் இதையேதான் சொன்னோம்.

புதிய தாளில் 8 மதிப்பெண் பாட அறிவுக்கு, 12 மதிப்பெண் மூலங்களுக்கு. இரண்டு மூலங்கள் கொடுத்தோம். முதலாவது, பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் போருக்குப் பிறகு எழுதி 1948இல் லண்டன் கெஸட்டில் வெளியான அறிக்கையிலிருந்து ஒரு பகுதி. போதிய விமானங்கள் இல்லாததைத் தோல்விக்கான பெரிய காரணங்களில் ஒன்றாக அவர் சொல்லும் இடம். இரண்டாவது, ஜப்பானியத் தளபதி யமஷிடா பின்னாளில் சொன்னதாகப் பாடநூல்களில் வரும் பகுதி. தன்னிடம் ஏறக்குறைய 30,000 பேர்தான் இருந்தார்கள், எதிரி மூன்று மடங்குக்கும் மேல், சண்டை நீண்டிருந்தால் தோற்றிருப்பேன், சிங்கப்பூர் மீது தொடுத்த தாக்குதலே ஒரு பாசாங்கு என்ற கருத்து அதில் வரும். 6 மதிப்பெண் கேள்வி ஒன்று இது: 'தோல்விக்குப் பெர்சிவல் சொல்லும் காரணத்தை நம்பலாமா? உன் பதிலை விளக்கு.'

இங்கேதான் மதிப்பெண் விழுந்தது. எப்படி விழுந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பிள்ளைகளும் ஏறக்குறைய இதையேதான் எழுதியிருப்பார்கள். ஒரு சிலர் அறிக்கையில் இருப்பதை அப்படியே திருப்பி எழுதி, 'ஆகவே நம்பலாம்' என்று முடித்தார்கள். அது முதல் நிலை, ஒரு மதிப்பெண். பெரும்பாலோர் எழுதியது வேறு: 'பெர்சிவல் தோற்ற தளபதி. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுகிறார். ஆகவே ஒருதலைப்பட்சமானது. ஆகவே நம்ப முடியாது.' கேட்பதற்கு இது புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. துணைப்பாட வகுப்பில் கொடுக்கும் மாதிரி விடைகளிலும் இந்த அமைப்புதான் வரும். எழுதியவர் யார், அவருக்கு என்ன ஆதாயம் என்று பார்ப்பது தேவைதான், அதற்கு இரண்டு அல்லது மூன்று மதிப்பெண் கொடுத்தோம். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் அது வரலாறு ஆகாது. தோற்றவன் தன்னைக் காத்துக்கொள்ள விரும்புவான் என்பதால் மட்டும் அவன் சொல்வது பொய்யாகிவிடாது. தன்னைக் காத்துக்கொள்ளும் ஆசையும் உண்மையும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்தே இருக்கலாம்.

அடுத்து என்ன செய்ய வேண்டும்? அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு, வேறு இடத்தில் தெரிந்ததோடு வைத்துப் பார்க்க வேண்டும். விமானம் போதவில்லை என்கிறார். சரி, நமக்கு என்ன தெரியும்? 1941 டிசம்பர் 10ஆம் தேதி, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தான் அருகே கடலில் ஜப்பானிய விமானங்களாலேயே மூழ்கடிக்கப்பட்டன. அவற்றுக்கு மேலே பாதுகாப்பாக ஒரு விமானமும் இல்லை. இது பெர்சிவல் தன் வசதிக்காகச் சொன்ன கதையல்ல, அவருடைய அறிக்கையே இல்லாவிட்டாலும் நமக்குத் தெரிந்திருக்கும். ஆக அந்த ஒரு காரணத்தை நம்பலாம். ஆனால் அது மட்டும்தான் காரணமா? யமஷிடா சொல்வதை வைத்துப் பார்த்தால், எதிரியின் ஆள்பலம் எவ்வளவு என்பதைப் பிரிட்டிஷார் சரியாகக் கணிக்கவில்லை என்றும் தெரிகிறது. தோற்ற தளபதி அதை முன்வைத்துப் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே, 'அவர் சொன்னதை நம்பலாம், ஆனால் அவர் சொல்லாமல் விட்டதையும் கவனிக்க வேண்டும்.' இந்த அளவுக்கு எழுதிய பிள்ளைக்கு ஐந்து அல்லது ஆறு. என் வகுப்பின் 38 பேரில் நான்கு பேர்தான் அங்கே வந்தார்கள்.

அந்த நால்வரில் ஒரு பெண்பிள்ளை வழக்கமாகப் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் நிற்பவள். பேசவே மாட்டாள். அவள் விடையில் ஒரு வரி இன்னும் நினைவிருக்கிறது: அவர் சாக்கு சொல்லலாம், ஆனால் கப்பல்கள் நிஜமாகவே மூழ்கின. இலக்கணப் பிழையோடு இருந்த ஆங்கில வாக்கியம்தான். முழு மதிப்பெண் கொடுத்தேன். எப்போதும் 18, 19 வாங்கும் ஒரு மாணவன் 'ஒருதலைப்பட்சம்' என்ற சொல்லை நான்கு முறை எழுதியும் மூன்றைத் தாண்டவில்லை. அவன் வீட்டிலிருந்துதான் அழைப்பு வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது.

ஆனால் அதே தாளில் எங்கள் பக்கத்துத் தவறும் ஒன்று இருந்தது. யமஷிடாவின் மூலத்தில் 'பிளஃப்' என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. பலம் இருப்பதுபோல் காட்டி எதிரியை ஏமாற்றுவது என்பது பொருள். அதற்குக் குறிப்பு கொடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை. ஏழெட்டுப் பேர் அதைப் 'பொய்' என்று மட்டும் எடுத்துக்கொண்டு, 'யமஷிடாவே தான் பொய் சொன்னதாக ஒப்புக்கொள்கிறார், ஆகவே அவர் சொல்வதை நம்ப முடியாது' என்று எழுதியிருந்தார்கள். போரில் எதிரியிடம் காட்டிய பாசாங்கையும், பின்னர் சொன்ன செய்தி உண்மையா என்பதையும் குழப்பிக்கொண்டார்கள். முதலில் எனக்கு அது சிந்தனைப் பிழையாகத்தான் பட்டது. ஒருவனைக் கூப்பிட்டு அந்தச் சொல்லைத் தமிழில் சொன்னதும், இரண்டே நிமிடத்தில் சரியான பதிலை வாயாலேயே சொன்னான். அவனுக்கு வரலாறு தெரிந்திருந்தது, சொல்தான் தெரியவில்லை. ஆசிரியர்கள் பேசி, அந்தக் கேள்வியில் அந்தச் சொல்லால் வழிதவறிய தாள்களை மறுபடி திருத்தினோம். கடிதத்திலும் அதை எழுதினோம். துறைத்தலைவருக்கு முதலில் தயக்கம் இருந்தது, பள்ளியின் தவறை ஏன் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றார். கடைசியில் ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வரிதான் பெற்றோர் மற்ற வரிகளையும் நம்பக் காரணமாக இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் இது என் கணிப்பு மட்டுமே, எல்லாப் பள்ளியிலும் அப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு விஷயத்தையும் கடிதத்துக்கு முன் பார்த்துவிடுங்கள். இப்படிப்பட்ட விடைகளை நிலைநிலையாகப் பிரித்துத் திருத்தும்போது இரண்டு ஆசிரியர்கள் ஒரே தாளுக்கு வேறு வேறு நிலை கொடுப்பது சாதாரணம். நானும் என் சக ஆசிரியரும் பெயரை மறைத்து ஆறு தாள்களை மாற்றித் திருத்திப் பார்த்தபோது, இரண்டில் ஒரு நிலை வித்தியாசம் வந்தது. உட்கார்ந்து பேசி, 'கப்பல் மூழ்கியதைச் சொன்னால் போதுமா, அதைப் பெர்சிவலின் கூற்றோடு இணைத்தும் காட்ட வேண்டுமா' என்று முடிவு செய்த பிறகே மீதித் தாள்களுக்குப் போனோம். இதைச் செய்யாமல் கடிதம் அனுப்பினால், 'பக்கத்து வகுப்புப் பிள்ளை இதையேதான் எழுதினான், அவனுக்கு நான்கு, என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இரண்டு?' என்று கேட்பார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

இப்போது கடிதம். எங்கள் பள்ளியிலிருந்து போனது ஆங்கிலத்தில்தான். ஆனால் நான் முதலில் தமிழில் எழுதிப் பார்த்தேன். என் அக்கா இங்கே தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர், அவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் நிறுத்திக் கேட்ட இடங்களையெல்லாம் திருத்திவிட்டு, அப்புறம் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனேன். மூன்றாவது கடிதத்தின் தமிழ் வடிவம் ஏறக்குறைய இப்படி இருந்தது.

'அன்புள்ள பெற்றோருக்கு, உங்கள் பிள்ளையின் இந்தத் தவணை வரலாற்று மதிப்பெண் முன்பைவிடக் குறைந்திருக்கலாம். வகுப்பின் சராசரியே 20க்கு 14இலிருந்து 10ஆகக் குறைந்துள்ளது. பெரும்பாலும் நாங்கள் தேர்வை மாற்றியதுதான் காரணம், பிள்ளைகள் படிக்காதது அல்ல. இந்தத் தேர்வு ஆண்டு மொத்தத்தில் 15 விழுக்காடு.

முன்பு, சிங்கப்பூர் 1942இல் ஏன் வீழ்ந்தது என்று கேட்போம். பாடநூலில் உள்ள காரணங்களை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். இம்முறை, தோற்ற தளபதியே சொன்ன ஒரு காரணத்தைக் கொடுத்து, அதை நம்பலாமா என்று கேட்டோம். "அவர் தோற்றவர், ஆகவே நம்ப முடியாது" என்று பலர் எழுதினார்கள். இதற்குப் பாதி மதிப்பெண் வரை கிடைத்தது. முழு மதிப்பெண்ணுக்கு, அவர் சொன்னதை வகுப்பில் படித்த வேறு செய்தியோடு ஒப்பிட்டு, எந்தப் பகுதி உண்மை, எதை அவர் சொல்லாமல் விட்டார் என்று காட்ட வேண்டும். பாடத்தை மனத்தில் வைத்திருந்தால்தான் இதைச் செய்ய முடியும். ஆகவே உங்கள் பிள்ளை படித்தது வீணாகவில்லை.

இந்த மாற்றத்தைத் தேர்வுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்தான் மாணவர்களிடம் சொன்னோம். ஒரு பயிற்சிதான் கொடுத்தோம். இன்னும் முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மூலத்தில் வந்த கடினமான சொல்லுக்குப் பொருள் கொடுக்கவும் தவறிவிட்டோம். அதனால் பாதிக்கப்பட்ட விடைகளை மறுபடி திருத்தியிருக்கிறோம்.

அடுத்த மூன்று வாரங்களில் வாரம் ஒரு முறை இதே வகைக் கேள்வியை வகுப்பில் செய்வோம். உங்கள் பிள்ளையின் விடைத்தாள் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும். அந்த 6 மதிப்பெண் கேள்விக்குப் பக்கத்தில், அடுத்து என்ன எழுதியிருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருப்போம். தயவுசெய்து அதைப் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள்.'

அவ்வளவுதான். இதைவிட நீளம் வேண்டாம். பெரும்பாலான பெற்றோர் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில், வேலைக்குப் போகும் வழியில், கைப்பேசியில்தான் படிக்கிறார்கள். அதனால் மதிப்பெண் குறைந்தது, அதன் காரணம், மொத்தத்தில் அதன் பங்கு ஆகிய மூன்றும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். விழுக்காட்டை மறக்காமல் போடுங்கள். எங்களுடையது 15, உங்கள் பள்ளியில் வேறாக இருக்கலாம். 2023 முதல் தொடக்கப்பள்ளியிலும் உயர்நிலைப் பள்ளியிலும் எந்த நிலையிலும் அரையாண்டுத் தேர்வு இல்லை. அதனால் தவணைத் தேர்வுகளின் மீது பெற்றோரின் கவலை முழுவதும் வந்து விழுகிறது. அதிலும் உயர்நிலை 2 முடிவில்தான் உயர்நிலை 3க்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரலாறு எடுக்க நினைக்கும் பிள்ளையின் வீட்டில் 'இந்த ஒரு தேர்வால் வாய்ப்புப் போய்விடுமா?' என்ற பயம் நிச்சயம் இருக்கும். உங்கள் பள்ளியின் விதிமுறையைத் துறைத்தலைவரிடம் உறுதி செய்துகொண்டு, தேவையானால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஊகித்து எழுத வேண்டாம்.

கடிதத்தில் நான் வேண்டுமென்றே விட்டவையும் உண்டு. துணைப்பாட வகுப்புகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாதிரி விடைகள் அங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். ஆனால் காசு கட்டி அனுப்பும் பெற்றோரிடம் அதைக் குறையாகச் சொன்னால் மீதியைப் படிக்க மாட்டார்கள். நேர்மையாகச் சொன்னால், 'எழுதியவர் யார் என்று பார்' என்று வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்ததும் நாங்கள்தான். அதற்கு அடுத்த படியை நாங்கள் போதிய அளவு சொல்லிக்கொடுக்கவில்லை. 'மாணவர்கள் யோசிக்கப் பழகவில்லை' என்றும் எழுதாதீர்கள். 13, 14 வயதுப் பிள்ளை, இதுவரை எதற்கு மதிப்பெண் கிடைத்ததோ அதைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

வாக்குறுதியிலும் கவனம் தேவை. உறுதியாகச் சொல்லக்கூடியது எது? உயர்நிலை 3, 4 வரலாற்றில் மூல ஆய்வு ஒரு முழுப் பகுதியாக வருகிறது, ஐந்தாறு மூலங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆகவே உயர்நிலை 2இல் இரண்டு மூலங்களோடு பழகுவதற்குக் காரணம் இருக்கிறது. இதை எழுதலாம். 'இதனால் உங்கள் பிள்ளையின் தேசியத் தேர்வு முடிவு மேம்படும்' என்று எழுத வேண்டாம். எனக்குப் பலமுறை அப்படித் தோன்றியிருக்கிறது, ஆனால் எந்தப் பிள்ளை எதனால் முன்னேறியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடிந்ததில்லை. அதேபோல, 40 நிமிடத் தாளில் ஒரே ஒரு 6 மதிப்பெண் கேள்வியை வைத்து 'உங்கள் பிள்ளைக்கு மூல ஆய்வு வராது' என்று யாரிடமும் சொல்லக் கூடாது. பெர்சிவலோடு தடுமாறியவன் அடுத்த மாதம் வேறு மூலத்தில் நன்றாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று முறை அதே இடத்தில் நின்றால்தான் தனியே கூப்பிட்டுப் பேச வேண்டும்.

கடிதம் போன பிறகு அழைப்புகள் வரும், குறையும், ஆனால் நிற்காது. தமிழ்ப் பெற்றோர் அழைத்தால் தமிழிலேயே பேசுங்கள், பாதிப் பதற்றம் அதிலேயே போய்விடும். அந்த 18, 19 வாங்கும் மாணவனின் தந்தையோடு எனக்கு நடந்த பேச்சு இது. "பீரங்கியைத் திருப்ப முடியலைன்னு எங்க தாத்தாவே சொல்லியிருக்காரு சார். அவரு அந்தக் காலத்துல இங்கதான் இருந்தாரு. அதையும் தப்புன்னு சொல்றீங்களா?" என்றார். தாத்தா பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. தாத்தா எங்கே இருந்தார் என்று கேட்டேன். துறைமுகத்தில் வேலை பார்த்தார் என்றார். அப்படியானால் குண்டுவீச்சு, தீ, புகை, ஓட்டம் இதெல்லாம் அவர் கண்ணால் பார்த்தது, அதை எந்தப் புத்தகத்தையும்விட அவர் நன்றாகச் சொல்வார். சாங்கியில் இருந்த பீரங்கி திரும்புமா என்பது அவர் மற்றவர் சொல்லிக் கேட்டது. ஒரே மனிதர் சொன்னதிலேயே ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மற்றொன்றை வேறு இடத்தில் சரிபார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார். "இதத்தான் பரீட்சையில கேட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அடுத்த வாரம் அந்த மாணவன் தாத்தாவின் கதையை இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டு வந்து காட்டினான், பார்த்தது ஒரு பத்தி, கேட்டது ஒரு பத்தி.

உங்கள் தாளிலிருந்து எந்தக் கேள்வியைக் கடிதத்தில் எடுத்துக் காட்டுவது என்று தெரியாவிட்டால், அதிகம் பேர் ஒரே மாதிரி பாதி மதிப்பெண்ணில் நின்ற கேள்வியை எடுங்கள். மாணவர் விடையை மேற்கோள் காட்டுவதானால் ஒருவருடையதை அப்படியே போடாதீர்கள். பெயரை எடுத்தாலும் வகுப்பில் யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பலருடைய விடைகளிலும் பொதுவாக வந்ததை உங்கள் சொற்களில் ஒரு வரியாக்குங்கள். எழுதி முடித்ததும் துறைத்தலைவருக்குக் கொடுப்பதற்கு முன் மறுபடியும் அம்மாவிடம் கொடுங்கள். படித்துவிட்டு அந்தக் கேள்விக்கு அவரே ஒரு பதில் சொல்ல முயன்றால், கடிதத்தை அனுப்பிவிடலாம்.